பார்க்காமல் மறுக்க மாட்டோம்

என் தையல் கடைக்கும் அவர்கள் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் எனக்கு ஊசி தவறும். ஆகையால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. காதைப் பொத்திக்கொண்டு பட்டன் தைக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

அந்தப் பக்கம் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், வாஷிங் மெஷின் விற்கும் கடை. ரிப்பேரும் உண்டு. கணவனும் மனைவியும்தான் எல்லாம். அண்ணனைத் தெருவில் 'பாத்துக்கலாம்' என்று கூப்பிடுவார்கள். எந்தச் சாமானை விற்றாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "எது ஆனாலும் கொண்டு வாங்க, பாத்துக்கலாம்." இப்படி ஒரு வார்த்தையை வாரி இறைத்துவிட்டு அவர் பின்னால் போய் ஸ்குரூ டிரைவரைத் தேடுவார். அதை நம்பி வருகிறவர்களிடம் மாட்டிக்கொண்டு முழிப்பது கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அக்கா.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தண்ணீர் இல்லாமல் ஹீட்டரைப் போட்டு காயிலைக் கருக்கிவிட்டு, "தானா போச்சு" என்பார்கள். மாடியிலிருந்து விழுந்த அயர்ன் பாக்ஸைத் துடைத்துப் பளபளவென்று கொண்டு வந்து, "வாங்கினதுல இருந்தே இப்படித்தான்" என்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே கத்தரிக்கோலோடு எழுந்து போகலாமா என்று இருக்கும்.

ஒருநாள் ஒரு ஆள் வாரண்டியில் இருக்கும் மிக்ஸியைக் கொண்டு வந்தார். அவசரம் என்று குதித்தார். அண்ணனுக்கு மனசு இளகிவிட்டது, கம்பெனி சீலை உடைத்துத் திறந்துவிட்டார். பழுது மோட்டாரில். சீல் உடைந்த மிக்ஸியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். யார் அவசரப்படுத்தினாரோ அதே ஆள் நடுத்தெருவில் நின்று, "ஏமாத்துக் கடை, ஏமாத்துக் கடை" என்று கத்தினார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வார்த்தை அக்காவுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. நஷ்டம் வந்தால் தாங்குவாள். ஏமாற்றுக்காரி என்ற பேரை மட்டும் அவளால் தாங்க முடியாது. அன்று ஷட்டரை இழுத்துவிடும்போது என்னிடம் சொன்னாள்: "டெய்லரே, இனிமே இந்தக் கடைல வாய் வார்த்தையே கிடையாது. தர்றதையும் எழுதி வெச்சுடறேன், தராததையும் எழுதி வெச்சுடறேன். அதுக்கப்புறம் எவன் அந்த வார்த்தைய சொல்றான்னு பாக்கறேன்."

சொன்னபடி செய்தாள். சுவரில் பெரிய பலகை, அதே வாசகம் பில்லின் பின்பக்கமும். வாரண்டி பில் தேதியிலிருந்துதான். வாரண்டியில் இருக்கும் சாமானை இந்தக் கடையில் திறக்க மாட்டோம், கம்பெனி சர்வீஸுக்கு நாங்களே அனுப்பித் தருவோம். வாங்கிய வாரத்திலேயே வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவோம். கீழே விழுந்தது, கரண்ட் ஏறி இறங்கிக் கெட்டது, எலி கடித்தது வாரண்டியில் வராது. ரிப்பேருக்கு வரும் சாமானில் கீறல், உடைசல் இருந்தால் கொடுப்பவர் எதிரிலேயே குறித்துக்கொள்வோம். செலவு எவ்வளவு என்று சொல்லி, சரி என்ற பிறகுதான் கை வைப்போம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுப்போம். எந்தப் பாகத்தை மாற்றினோமோ அதற்கு மட்டும் மூன்று மாதம் நாங்கள் பொறுப்பு. வேறு எது கெட்டாலும் அது புது ரிப்பேர்.

கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: பார்க்காமல் மறுக்க மாட்டோம்.

"இது எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி சாமான அவங்க எதிர்லயே பாத்து, ஏன் இல்லன்னு காரணத்தக் காட்டணும். அப்பத்தான் சண்ட வராது. சும்மா கைய விரிச்சா எவன் ஒத்துப்பான்?"

விற்கும்போதே அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். சண்டை வந்த பிறகு பலகையைக் காட்டினால் அது தப்பிக்கப் பார்ப்பது, வாங்கும்போது காட்டினால் அது நியாயம் என்பாள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அண்ணன் பின்னால் நின்று பெருமூச்சு விடுவார். ஆனால் கூச்சல் அடங்கிவிட்டது. தெருவில் அவளுக்கும் ஒரு பேர் வைத்தார்கள்: கறார். கறார் என்று கூப்பிட்டால் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இந்த நேரத்தில்தான் நர்ஸம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை, வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. அவருடைய துணிகளைத் துவைக்கத்தான் எங்கள் கறார் கடையில் வாஷிங் மெஷின் வாங்கியிருந்தாள். மெஷின் நின்றுவிட்டது. போனில் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பின்பக்க மூடிக்கு உள்ளே வயர்கள் குதறப்பட்டுக் கிடந்தன.

அக்கா படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "எலி. வாரண்டில வராதும்மா. படிச்சுக் காட்டித்தானே குடுத்தேன்?"

"வாங்கி ஒரு மாசம்தான்க்கா ஆகுது. எலி எப்படி உள்ள போகும்? ஒரு தடவ வந்து பாருங்களேன்."

"எலி எப்படிப் போச்சுன்னு எலியத்தான் கேக்கணும். செலவு பண்ணி ரிப்பேர் பண்றதுன்னா சொல்லுங்க, இவர அனுப்பறேன்."

பின்னால் அண்ணன் செருமினார். அக்கா திரும்பி முறைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மனுஷன் அன்றைக்கு மட்டும் வாய் திறந்திருக்கலாம். வேண்டாத நேரத்தில் எல்லாம் திறக்கிற வாய் அது.

நர்ஸம்மா பில்லைத் திருப்பினாள். எந்த வரியில் விரல் வைத்தாள் என்று எனக்குத் தடுப்பு இடுக்கு வழியே சரியாகத் தெரியவில்லை, குரல் நன்றாகவே கேட்டது. "பாக்காம மறுக்க மாட்டோம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. பாத்தீங்களா? போட்டோவ பாத்துட்டு என்னைத் தொரத்தறீங்க. எழுதி வெச்சு ஏமாத்தறதுக்கு எழுதாமயே ஏமாத்தியிருக்கலாம்."

அந்தப் பக்கம் டிராயரை அறைந்து சாத்தும் சத்தம்.

அக்கா என் கடை வாசலுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "டெய்லரே, மெஷினச் சாய்ச்சுப் பாக்கணும். ரெண்டு ஆள் வேணும். வாங்க."

"அண்ணன் இருக்காரே?"

"அவரு கடையப் பாத்துக்கட்டும். இந்தப் பொண்ணு என்னை என்ன சொல்லுச்சுன்னு கேட்டீங்கல்ல? வாங்க, எலிப் பொந்தக் காட்டி வாயடைக்கறேன்."

நர்ஸம்மா வீடு சின்னது. அப்பா கட்டில், அதை ஒட்டிப் பாத்ரூம், அதன் வாசலில் மெஷின். பக்கெட்டில் நனைத்த போர்வைகள் கிடந்தன. நானும் அக்காவும் மெஷினைப் பிடித்துச் சுவர்மேல் சாய்த்தோம். அக்கா குனிந்து டார்ச் அடித்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். மெஷினுக்கு அடியே கிடையாது. கையை விட்டால் வயர் கையில் வருகிறது. ஒரு எலி என்ன, குடும்பமே குடியேறலாம்.

"இதுக்கு அடித் தகடு ஒண்ணு உண்டு," என்றாள் அக்கா. "எலி போகாம இருக்கத்தான். பெட்டியோடயே வரும். மாட்டறப்ப சாய்ச்சு ஸ்குரூ போடணும். இங்க ஸ்குரூவே ஏறல. ஓட்டை எல்லாம் பெயின்ட்டோட அப்படியே இருக்கு."

"யாரு மாட்டினது?" என்று நர்ஸம்மா கேட்டாள். அவளுக்கே தெரியும். கேட்டால் வலிக்கும் என்றுதான் கேட்டாள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான்.

"எங்க வீட்டுக்காரர்," என்றாள் அக்கா. "எலி கடிச்சதுக்குக் கம்பெனி தராது. ஆனா எலி போக வழி விட்டது நாங்க. வயர், போர்டு எல்லாம் எங்க செலவு. மெஷின் சரியாகற வரைக்கும் கடைல இருக்கற மெஷின் ஒண்ணு இங்க ஓடும். நீங்க சொன்னது சரிதாம்மா. நான் பாக்கல."

நர்ஸம்மா பரவாயில்லை என்று சொல்லவில்லை. போர்வையைப் பிழிந்துகொண்டே, "வேற எத்தனை வீட்ல இப்படி மாட்டியிருக்காரு?" என்று கேட்டாள்.

கடைக்குத் திரும்பியதும் நடந்ததைக் கேட்க எனக்குத் தடுப்பு தேவைப்படவில்லை. தெருவே கேட்டது.

"தகடெல்லாம் எங்க?"

"பரண்ல இருக்கு."

"எல்லாமா?"

"தனியாப் போனா எப்படிச் சாய்க்கறது? முதுகு பிடிச்சுக்குது. அப்புறம் போய் மாட்டிக்கலாம்னு..."

"உங்க முதுகு வலிக்குதுன்னு சொல்லியிருந்தா டெய்லரை அனுப்பியிருப்பேனே. நான் பலகைல எழுதி எழுதி ஊர்ல இருக்கறவன் தப்பையெல்லாம் அடுக்கி வெச்சேன். உங்க தப்புக்கு ஒரு வரி எழுதலையேங்க. ஊர்ல இருக்கறவங்கள ஏமாத்துக்காரங்கன்னு நெனச்சு நெனச்சு, வீட்ல இருக்கறதப் பாக்காம விட்டுட்டேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை. நல்ல மனுஷன் நல்ல மனுஷன் என்று ஊரே கொண்டாடுகிறது. நல்ல மனுஷனின் சோம்பலுக்கு யார் யாரோ துணி பிழிகிறார்கள்.

மறுநாள் கடை திறக்கவில்லை. ஒரு வண்டி பேசி, தகடுகளை ஏற்றிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். வீடு வீடாக அக்காதான் முதலில் பேசினாள். எங்கள் தப்பு, மாட்டித் தருகிறோம், உள்ளே கெட்டிருந்தால் எங்கள் பொறுப்பு. சிலர் காபி கொடுத்தார்கள், சிலர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அண்ணன் ஒவ்வொரு வீட்டிலும் தரையில் மல்லாந்து படுத்து ஸ்குரூ முடுக்கினார். முதுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மதியம் ஒரு பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனோம். அக்கா கையில் இருந்த பில் நகலைப் பார்த்ததும் அவர் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை.

"மெஷினா? இரும்புக் கடைக்குப் போட்டாச்சு. போன மாசம் போன் பண்ணேன். எலின்னதும் வாரண்டில வராதுன்னு சொல்லி போன வெச்சுட்டீங்க. வெளி ஆள் பாத்துட்டு போர்டே போச்சுன்னான்."

அக்காவுக்கு அந்தப் போனே ஞாபகம் இல்லை. அவள் முகத்தில் அது நன்றாகவே தெரிந்தது. "புது மெஷின் தர்றேன்," என்றாள். "இன்னிக்கே கொண்டு வந்து நானே நின்னு மாட்டித் தர்றேன்."

"குடுங்க, வேணாம்னா சொல்லப் போறேன்? ஆனா ஒண்ணு." அவர் பார்வை வீட்டுக்குள் போனது. "மிச்சம் மீதிச் சோத்த மெஷின் பக்கத்துல வெச்சு எலியக் கூப்பிட்டது நீதான்னு என் சம்சாரத்த ஒரு மாசமா திட்டிக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் பேசாம கையாலயே தொவைக்கறா. இந்தத் தப்பு யாருதுன்னு என்கிட்ட சொன்னாப் போதாது. உள்ள போய் அவகிட்ட சொல்லுங்க."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பின்கட்டில் அந்த அம்மா அவருடைய காக்கிச் சட்டையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "எலி வந்ததுக்கு நீங்க காரணம் இல்லம்மா. நாங்க மாட்ட வேண்டியத மாட்டல. தப்பு எங்க மேலதான்."

அந்த அம்மா அக்காவைப் பார்க்கவில்லை. சட்டையை அப்படியே போட்டுவிட்டு, பின்கட்டு வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார்.