மீளப்பெறுகின்றேன் என்று எழுதியவள்

திகன சந்தியில் ரிஸ்மி நானாவின் கொமியூனிகேஷன் கடையில் சேரும்போது, அரசாங்க நியமனம் வரும்வரைக்கும்தான் என்று சொல்லித்தான் ஷிபானா சேர்ந்தாள். அப்படிச் சொல்லி இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஓடிவிட்டன. வாப்பா மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அந்தக் குடும்பத்தில் பேராதனை வளாகத்துக்குள் படிக்கப்போன முதல் ஆள் அவள். தமிழில் சிறப்புப் பட்டம். பட்டமளிப்புப் படம் வீட்டில் அலுமாரிக்கு மேலே இருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் 'டைப் பண்ற புள்ள'.

அடையாள அட்டைப் பிரதி, பரீட்சை விண்ணப்பம், மின் கட்டணம், வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் சுயவிவரம். இவற்றுக்கு நடுவில் எப்போதாவது ஒரு கடிதம் வரும். அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கை சுறுசுறுக்கும். நாலு வருஷம் படித்த தமிழுக்கு அங்கே கிடைத்த ஒரே வேலை அதுதான்.

முஹைதீன் அப்படித்தான் வந்தார். ஐம்பது தாண்டிய ஆள், கலியாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். முன்பு சந்தியிலேயே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் முஸ்லிம் கடைகளை எரித்த வருஷத்தில் அவருடையதும் எரிந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரே எண்ணம். அரசாங்கக் கேற்றுக்குள்ளே ஒரு கண்டீன் எடுக்க வேண்டும். கேற்றில் காவல்காரன் நிற்கிற இடத்தில் யாரும் நெருப்பு வைக்க வரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

பல்லேகலப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தின் கண்டீனுக்கு டெண்டர் போட்டார். மாத வாடகை யார் கூடுதலாகத் தருகிறார்களோ அவர்களுக்கு. வைப்புப் பணம் ஒன்றரை லட்சம், காசாகக் கட்டி ரசீது எடுத்திருந்தார். டெண்டர்ப் பெட்டியைத் திறந்த அன்றைக்கே எல்லோருடைய தொகையையும் வாசித்தார்கள். மாவனல்லை ஆள் ஒருவர் இவரைவிட ஐயாயிரம் கூடப் போட்டிருந்தார். பிறகு அவரையே தெரிவு செய்துவிட்டார்கள் என்ற செய்தியும் காதுக்கு வந்தது. இனி அந்தப் பணம் கைக்கு வரவேண்டும். வந்தால்தான் அடுத்த மாதம் இருபத்து நாலாம் திகதி மூடுகிற குண்டசாலை டெண்டருக்குக் கட்டலாம். வேறு பணம் இல்லை. கூடப் பிறந்த ராத்தாவின் காப்பும் ஏற்கெனவே வங்கியில் அடகில் இருந்தது.

போனில் தானே எழுதி வைத்திருந்ததைக் காட்டினார்: 'டெண்டர் எனக்கு கிடைக்கல்ல. கட்டின ஒன்றரை லட்சத்தை திருப்பி தாங்க. நான் வெச்ச சேர்ட்டிபிகட்டையும் தாங்க. முஹைதீன், திகன.' அதை அரசாங்கக் கந்தோருக்கு ஏற்ற மாதிரி எழுதி ஈமெயில் அனுப்பித் தரச் சொன்னார்.

ஷிபானா அதை வாசித்து உள்ளுக்குள் சிரித்தாள். 'தாங்க, தாங்க' என்று பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. தன்னுடைய பணத்தைக் கேட்கிற மனிதன் ஏன் கையேந்த வேண்டும்? டெண்டருக்குக் கந்தோர்த் தமிழில் கேள்வி மனு என்று பெயர். அவள் எழுதினாள்: 'மேற்படி உணவுச்சாலைக்கான எனது கேள்வி மனுவையும், அதனுடன் இணைக்கப்பட்ட ஆவணங்களையும், வைப்புப் பணத்தையும் மீளப்பெறுகின்றேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்கு அறியத்தருகின்றேன்.' முதலில் 'மீளப்பெற விரும்புகின்றேன்' என்றுதான் இருந்தது. விருப்பம் என்ன விருப்பம் என்று அந்தச் சொல்லை வெட்டினாள். வெட்டியதும் வாக்கியம் நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது. வாசித்துக் காட்டியபோது முஹைதீன் கண்ணை மூடிக் கேட்டார். மாஷா அல்லாஹ் என்றார். கேட்டதற்கு மேலே நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அவள் எழுதிய கடிதங்களுக்குக் கந்தோர்களிலிருந்து பதில் வருவதே அபூர்வம். திறக்கும்போது சந்தோஷமாகத்தான் திறந்தாள்.

கேள்வி மனு செல்லுபடியாகும் தொண்ணூற்றொரு நாட்களுக்குள் தாங்கள் அதனை 'மீளப்பெறுகின்றேன்' என அறியத்தந்துள்ளதால், நிபந்தனை பதினான்கின்படி வைப்புப் பணம் அறவாக்கப்பட வேண்டியுள்ளது. விளக்கம் ஏதுமிருப்பின் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

இரண்டு தரம் வாசித்தாள். அவளுடைய சொல் அங்கே அப்படியே இருந்தது, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல்.

முஹைதீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். 'அறவாக்கல்' என்றால் என்ன என்று மட்டும் கேட்டார். சல்லி அவர்களுக்கே போய்விடும் என்று சொன்னாள். பதிலின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, நாளைக்குக் கந்தோருக்குப் போகவேண்டும், அவளும் வந்தால் நல்லது, தனக்குப் பேசத் தெரியாது என்றார்.

பயிற்சி நிலையத்தின் கொள்வனவுப் பிரிவில் தமிழ்க் கடிதங்களைச் சிங்களத்தில் மாற்றிக் கோப்பில் போடுகிறவர் நிருஷா என்ற யாழ்ப்பாணத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கதிரை காட்டி உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து ஷிபானாவின் மின்னஞ்சலின் அச்சுப் பிரதியை எடுத்தார். 'மீளப்பெறுகின்றேன்' என்ற சொல்லின் கீழே சிவப்பில் இரண்டு கோடு.

"எங்கட ஃபைலில கேள்வி மனுவை மீளப்பெறுறன் எண்டா ஒரு கருத்துத்தான். போட்டியில இருந்து விலகுறன் எண்டு. நான் அப்பிடித்தான் மொழிபெயர்த்துக் குடுத்தன். வேற எப்பிடிக் குடுக்கிறது?"

ஷிபானா குறுக்கிட்டாள். "அவருக்குக் கிடைக்கல்லயே. தோத்த ஆளு எதுலருந்து விலகுற?"

"ஆர் சொன்னது தோத்தவர் எண்டு? முதலாவது ஆள் இன்னும் ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கேல்ல. அவர் பின்வாங்கினா அடுத்தது உங்கட வாப்பாதான். முதலாவது ஆள் கையெழுத்து வைக்கும் வரைக்கும் இங்க ஒருத்தரும் தோக்கேல்ல, தங்கச்சி."

முஹைதீனை அவளுடைய வாப்பா என்றதை இரண்டு பேருமே திருத்தவில்லை.

நிருஷா கெட்டவர் அல்ல. சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். ஒப்பந்தம் முடிந்ததும், கிடைக்காதவர்கள் ரசீதின் மூலப் பிரதியையும், வங்கிப் புத்தகப் பிரதியையும், அடையாள அட்டைப் பிரதியையும் வைத்துக் கேட்டால், பணம் அந்தக் கணக்குக்குப் போய்விடும், சாதாரண விஷயம். இப்போது இது சாதாரண விஷயமில்லை. குழு கூடிப் பார்க்கும். குழுவுக்கு ஒரு காரணம் வேண்டும்.

"எழுதின ஆளுக்குக் கருத்துத் தெரியேல்ல எண்டு குடுங்கோ. படிப்பறிவு குறைஞ்ச ஆரிட்டயோ குடுத்து எழுதினது எண்டு. அப்பிடியெண்டா அவையள் இரங்குவினம். ஆர் எழுதினது இதை?"

முஹைதீன் ஷிபானாவின் பக்கம் திரும்பவே இல்லை. "கடையில ஒரு புள்ள," என்றார்.

நிருஷா கோப்பை மூடினார். "நீங்கள் படிச்ச பிள்ளை மாதிரி இருக்கிறியள். நீங்களே எழுதிக் குடுத்திருக்கலாமே."

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். ஷிபானா ஜன்னல் பக்கம் இருந்துகொண்டு தன்னையே கேட்டாள். அந்த மனிதன் எழுதி வந்ததில் என்ன குறை? டெண்டர் கிடைக்கவில்லை, பணத்தைத் தாருங்கள். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். யாரும் அதற்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்க முடியாது. தான் அதைத் திருத்தியது அவருக்காகவா? திகன சந்தியில் ஒருவராவது தன் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பதற்காகவா? கேள்விக்கு விடை தெரிந்திருந்தபடியால் அவள் அதை இரண்டாம் தரம் கேட்கவில்லை.

கடையில் வந்து உட்கார்ந்து மறுபடி எழுதினாள். இந்தமுறை ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். டெண்டர் இலக்கம். ரசீது இலக்கம், திகதி, தொகை. 'நான் எனது கேள்வி மனுவை விலக்கிக்கொள்ளவில்லை. அது தொண்ணூற்றொரு நாட்களுக்கும் வலுவில் உள்ளது. எனக்குக் கண்டீன் கிடைக்காவிட்டால், தெரிவானவருடன் ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு, நான் கட்டிய வைப்புப் பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். முதல் மின்னஞ்சலில் நான் கேட்க நினைத்ததும் இதுவே.' முஹைதீன் போனில் எழுதி வந்ததுக்குப் பக்கத்தில் அது மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்துகொண்டிருப்பதை அவள் கண்டாள்.

கடைசி வரியில் கை நின்றது. 'அம்மின்னஞ்சல் போதிய அனுபவமற்ற ஒருவரால் தயாரிக்கப்பட்டது' என்று போட்டாள். முஹைதீன் பின்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

"மக, அந்த மிஸ் சொன்ன மாதிரியே போடுங்க. படிப்பு இல்லன்னு போட்டாத்தான் அவங்களுக்கு வெளங்கும்."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒங்கட பேரு அதுல இல்லயே," என்றார் மெதுவாக.

உண்மைதான். பெயர் மட்டும்தான் அதில் இல்லை. அனுபவத்தை அழித்துவிட்டு 'போதிய எழுத்தறிவற்ற ஒருவரால்' என்று எழுதினாள். பிழை பார்த்தாள். பிழை இல்லை. அனுப்பினாள். அன்றைக்கு அவள் காசு வாங்கவில்லை; அவரும் வற்புறுத்தவில்லை.

குழு இரங்கியது. எழுதியவரின் அறியாமையைக் கருத்திற்கொண்டு, அறவாக்கம் செய்வதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. மாவனல்லை ஆள் கையெழுத்து வைத்தார். ஆனால் குழு கூடியதில் நாள் போய்விட்டது. கணக்குப் பிரிவில் இன்னும் கொஞ்சம் போனது. ஒன்றரை லட்சம் முஹைதீனின் கணக்குக்கு வந்தது இருபத்தாறாம் திகதி. குண்டசாலைப் பெட்டியை இருபத்து நாலாம் திகதி பின்னேரம் இரண்டு மணிக்கு மூடியிருந்தார்கள்.

அதை அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடவுச்சீட்டுப் பிரதி எடுக்க வந்தபோதுதான் தெரிந்தது. கட்டாரில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையலாம், மச்சான் ஒருவர் விசா எடுத்துத் தருகிறாராம். இந்த வயதில் அங்கே போய் வெக்கையில் நிற்க ஏலுமா என்று ரிஸ்மி நானா கேட்டார். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறதுதானே தனக்குத் தெரிந்த தொழில் என்று முஹைதீன் சிரித்தார். பிரதிகளை மடித்து எடுத்துக்கொண்டு ஷிபானாவிடம் சொன்னார்:

"அந்த ரெண்டாவது கடிதம் மிச்சம் நல்லம் மக. எல்லாருக்கும் வெளங்கினது."

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் அவர் முகத்தில் தேடினாள். இல்லை. மனதாரத்தான் சொன்னார்.

ரிஸ்மி நானா வியாபாரி. பணத்தைத் திரும்ப வாங்கித் தந்த கடிதம் என்று அதை 'டெண்டர் சல்லி' என்ற பெயரில் கணினியில் பத்திரப்படுத்தினார். அடுத்த மாதம் கலகெதரையிலிருந்து ஒருவர் வந்தார். பாடசாலைத் தளபாட டெண்டர், கிடைக்கவில்லை, வைப்பைத் திருப்பிக் கேட்க வேண்டும். ரிஸ்மி நானா அந்தக் கடிதத்தைத் திறந்து, பெயரையும் இலக்கங்களையும் மாற்றும்படி ஷிபானாவிடம் சொன்னார். அவள் மாற்றினாள். இந்த ஆள் முதலில் ஒரு கடிதமும் எழுதவில்லை. அதனால் பழைய மின்னஞ்சலைப் பற்றிய வரிகள் இரண்டையும் தெரிவு செய்து அழிக்கப்போனாள்.

ரிஸ்மி நானா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "மத்த வரிய அழிங்க. எழுத்தறிவில்லங்கற வரி இருக்கட்டும், தங்கச்சி. அந்த வரியாலதானே சல்லி வந்திச்சு."

கலகெதர ஆளும் தலையாட்டினார். அவருக்கு அவசரம். ஷிபானா 'அம்மின்னஞ்சல்' என்றிருந்ததை 'இம்மின்னஞ்சல் போதிய எழுத்தறிவற்ற ஒருவரால் தயாரிக்கப்பட்டது' என்று வரும்படி மாற்றி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.