நாற்காலியில் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்

இரண்டு மொழிக்காரர்கள் எழுத்தைப் பாதி பங்கு போட்டுக்கொண்டால், பொருள்களைப் பார்க்கிற பார்வையையும் பங்கு போட்டிருப்பார்கள் என்று நம்பிய மடையன் நான். நம்பியதோடு விட்டிருக்கலாம். வீடு முழுக்க ஒட்டிவைத்தேன்.

சோமனூரில் எனக்கு விசைத்தறி உதிரிபாகக் கடை. சீனத்து வியாபாரிகளோடு பேச வேண்டுமென்று நாலு மாதமாகச் சீன மொழி படித்துக்கொண்டிருந்தேன். அதே சமயம் என் மனைவியின் அலுவலகத்தில், ஜப்பானியத் தொடக்க நிலைத் தேர்வில் தேறினால் ஜப்பான் குழுவில் இடம் என்றார்கள். இந்த முறை விட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவள் காந்திபுரத்தில் துணிக்கடைக்கு மேல் மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தாள். வேலை முடித்து, வகுப்பு முடித்து, துடியலூர் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள்.

அவளை வாட்டியது எண்ணும் சொற்கள்தான். இரண்டு மொழியிலும் வெறுமனே 'மூன்று குடை' என்று சொல்ல முடியாது. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே, அது என்ன ஜாதிப் பொருள் என்று காட்டும் ஒரு சொல் வரவேண்டும். நாம் 'மூணு பேர்' என்கிறோமே, அதுபோல. நமக்கு ஆளுக்கு மட்டும் அந்த மரியாதை. அவர்களுக்குப் பென்சிலுக்கும் உண்டு.

"நான் இருக்கேன் அம்மணி, கவலைய உடு" என்றேன்.

அவள் புத்தகத்தைப் புரட்டினேன். தறியைச் சீனத்தில் 'தாய்' என்று எண்ணுவேன், ஜப்பானியத்தில் 'டாய்'. எழுதுவது ஒரே எழுத்து! அப்போதே எனக்குத் தலை வீங்கிவிட்டது. ஜப்பானியத்தில் காகிதத்துக்கு 'மாய்', தட்டையானவை. சீனத்தில் காகிதம், மேசை, கட்டில் மூன்றும் ஒரே தட்டைக் குடும்பம். ஆகவே மேசைக்கும் கட்டிலுக்கும் 'மாய்' என்று சிவப்பு ஸ்டிக்கர். ஜப்பானியத்தில் குடைக்கு 'ஹோன்', பென்சில்போல நீளமானவை. சீனத்திலோ குடை, கத்தி, நாற்காலி எல்லாம் கையால் பிடித்துத் தூக்குகிறவை, ஒரே குடும்பம். குடை 'ஹோன்' என்றால் அதன் பங்காளி நாற்காலியும் 'ஹோன்'தானே? பச்சை ஸ்டிக்கர். சீனத்தில் ஆறும் மீனும் நீளமானவை, ஒன்றாகவே எண்ணுவார்கள். ஜப்பானில் ஆறு 'ஹோன்' என்று போட்டிருந்தது. மீன் தொட்டிக் கண்ணாடிக்கும் பச்சை.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு மாதிரித் தேர்வு. எண்ணும் சொற்களில் பத்துக்கு நாலு. டீச்சரம்மா அவளிடம், "ஏனுங்க, உங்க ஊட்டுல நாற்காலி பென்சிலாட்ட இருக்குமுங்களா?" என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் பையை வைக்காமலே என்னைக் கூப்பிட்டாள்.

"மீனு உசுரோட நீந்துதுங்களே. சின்ன உசுருக்கெல்லாம் 'ஹிகி'ன்னு டீச்சர் சொல்றாங்க. நீங்க அதயக் குச்சியாட்ட எண்ணச் சொல்லிப்போட்டீங்க."

"சைனாவுல..."

"நான் சைனாவுக்குப் போகலீங்க."

அவள் கண்ணில் நீர் நின்றது.

ராச்சோறு முடிந்ததும் ஸ்டிக்கர்களைக் கிழித்தேன். அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு பொருள் முன்னாலும் நின்று கேட்டேன். கட்டில்? 'டாய்', தறியோடு. நாற்காலி? அதன் கால்களை வைத்து ஒரு தனிச் சொல் இருக்கிறது, ஆனால் தொடக்க நிலையில் எதற்கும் பொதுவாக ஒன்று, இரண்டு என்கிற 'ஹிதொத்சு, ஃபுதாத்சு' போதும். சட்டை? 'மாய்'. சட்டை எப்படித் தட்டை என்றேன். "மடிச்சு வெச்சுப் பாருங்க" என்றாள். குடை ஒன்றென்றால் 'இப்போன்', இரண்டு 'நிஹோன்', மூன்று 'சான்போன்'. சொல்லே எண்ணுக்கேற்ப உருமாறுகிறது.

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. சீனன் குடையைப் பார்க்கும்போது பிடியைப் பார்க்கிறான், ஜப்பானியன் அதன் உடம்பைப் பார்க்கிறான். நான் குடையைப் பார்த்தால் எங்கே தொலைத்தேன் என்று மட்டும் பார்க்கிறேன். இதைப் பெரிய தத்துவம்போல அவளிடம் சொன்னேன். "தள்ளி நில்லுங்க, லைட்ட மறைக்கறீங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சொல்ல நான் எழுதினேன். வாத்தியார் வேலை பறிபோய்க் குமாஸ்தா ஆனேன்.

தேர்வு சென்னையில். வாசலில் நின்ற எனக்கு அவளைவிட அதிகம் வியர்த்தது. வெளியே வந்ததும் காப்பிதான் கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தேறிவிட்டாள், குழுவில் இடம் உறுதி. சந்தோஷத்தில் எனக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது.

"ஏங்கண்ணு, அடுத்த நிலைக்கும் நானே சொல்லித் தரட்டுமா?"

"வேண்டாமுங்க."