சில்லறையின் ஒன்றரை லட்சம்

பேருந்து நடத்துநராக இருந்த காலத்தில் யாருக்கும் பாக்கி தராமல் விட்டதில்லை என்பதால் அவருக்குச் சில்லறை என்று பெயர். எங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த அவருடைய ஒரே மகள் இரண்டாம் ஆண்டில் காய்ச்சலில் போய்விட்டாள். ஓய்வுபெற்ற மாதம் ஒன்றரை லட்சத்தோடு கல்லூரி அலுவலகத்துக்கு வந்தார். நிதிப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது.

“வருஷம் ஒரு பொண்ணுக்கு விடுதிக் கட்டணம், பன்னிரண்டாயிரம். எம்பொண்ணு பேர்ல. எத்தனை வருஷம் வரும் சார்?”

“முதலைத் தொடாம வட்டிய மட்டும் குடுத்தா என்னைக்கும் வரும். எட்டு சதவீதத்துக்கு ஒன்றரை லட்சம் சரியா இருக்கு. ஆனா முதல் வட்டி வர ஒரு வருஷம் ஆகும்.”

“அவகூடப் படிச்சதுங்க இந்த வருஷம் வெளிய போயிடும் சார். அதுங்க இருக்கறப்பவே பரிசு விழாவுல எம்பொண்ணு பேரைப் படிச்சிடணும்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “முதல்லேர்ந்து எடுத்துக் குடுங்கய்யா. வட்டி வந்ததும் நேர் பண்ணிக்கலாம்.”

நான் மறுக்கவில்லை. வரும் வட்டி அடுத்த பெண்ணுக்குச் சேர வேண்டியது. நேர் செய்ய எதுவும் மிஞ்சாது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வங்கியில் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்தான் போட்டோம். ஆண்டு வட்டி பதினோராயிரத்து நாற்பது. குறைந்த தொள்ளாயிரத்து அறுபது ரூபாயை ஐந்து ஆண்டும் அவரே கொண்டுவந்து மேசைமேல் எண்ணி வைத்தார்.

“என் பொழப்பே சில்லறைதான் சார்,” என்பார்.

ஐந்தாண்டு முடிந்து வைப்பைப் புதுப்பித்தபோது வங்கி ஆறு சதவீதம்தான் தந்தது. வட்டி எட்டாயிரத்து இருநூற்றெண்பது. இனி இரண்டு லட்சம் இருந்தால்தான் பன்னிரண்டாயிரம் வரும். அவர் மனைவிக்கு அப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ்.

“வர்றத மட்டும் குடுத்துடலாமேண்ணே,” என்றேன்.

“மூவாயிரத்துச் சொச்சம் குறைஞ்சா விடுதியில சேத்துக்குவாங்களா? பாதி வழியில இறக்கிவிடச் சொல்றீங்களா?”

வட்டி போதாத ஆண்டில் பரிசு இல்லை, வட்டி முதலோடு சேரும் என்பது விதி. இரண்டு லட்சத்தைத் தாண்ட ஏழு ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டுச் சொன்னேன். அவருக்கு அறுபத்தாறு.

“எழுபத்தி மூணு. இருந்துடலாம்.”

பரிசு விழாவுக்கு மட்டும் தவறாமல் வந்தார். பட்டியல் முழுவதையும் கேட்பார். மகள் பெயர் அதில் இருக்காது என்று தெரிந்தும் கேட்பார்.

மூன்றாம் ஆண்டு முடிவில் வைப்பை மறுபடி புதுப்பித்தோம். முதல் ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரத்துக்குச் சற்று மேல் வளர்ந்திருந்தது. வட்டி ஐந்து சதவீதமாகியிருந்தது. இப்போது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வேண்டும்.

“இன்னும் எத்தனை வருஷம் சார்?”

“எட்டு.”

“மூணு வருஷம் காத்திருந்தேனே.”

நான் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போனார். அதன் பிறகு விழாவுக்கு வரவில்லை.