இரண்டு சைஸ் எடு, ஒன்றைத் திருப்பிவிடு

பதினோரு வருஷம் ஒரே ஆல்டரேஷன் கடையில் உட்கார்ந்து ஊரார் பேண்டுக்கெல்லாம் ஜிப் மாற்றியவளுக்கு வேறு பெயர் எதற்கு? ஜிப் அக்காதான். பெட்டிக்கடைக்காரரிலிருந்து பார்சல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் ஜிப் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

கையில் வேலை இருந்தது, வாயில் அதைவிட அதிகம். "வயித்தைக் குறைக்கறதை விட்டுட்டு ஜிப்பைத் திட்டினா என்ன பண்றது?" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். முதலாளியம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் தையல் என்றால் அவள் தையல்தான். அதனால் பொறுத்துப் போனாள்.

பொறுத்துப் போகாதது ஜிப் அக்காதான். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளத்தில் கை வைக்கிற இடத்தில் எத்தனை காலத்துக்குக் குப்பை கொட்டுவது? போன வருஷம் வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டு, பெண்களுக்கான பருத்தி பேண்ட் தைத்து, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து விற்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். போன், சாவி, பர்ஸ் எல்லாம் உள்ளே போகும். "பொம்பளைங்களுக்குப் பாக்கெட் வெக்கறதுக்கு எவனுக்கும் மனசு வரலை, நான் வெக்கறேன்" என்று பக்கத்தின் தலையிலேயே எழுதினாள். விலை ஐநூறு.

முதல் சில மாதம் ஆர்டர் ஒன்றும் இரண்டுமாகச் சொட்டியது. சைஸ் சரியாக இருக்குமா என்று பயந்து பாதிப் பேர் வாங்காமலே போனார்கள். அப்போதுதான் அவள் மூளை வேலை செய்தது. கடையில் என்ன செய்வோம்? இரண்டு சைஸை எடுத்து உள்ளே போய்ப் போட்டுப் பார்ப்போம், சரியானதை வாங்குவோம். அதையே வீட்டுக்கு அனுப்பினால் என்ன? "சந்தேகமா? இரண்டு சைஸ் எடுங்க, ஒன்றைத் திருப்பிவிடுங்க, செலவு எங்களுடையது" என்று போட்டாள். ஆர்டர் பிய்த்துக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் சரியாக நூறு.

அவள் கணக்கு எளிமையானது. துணி, நூல், எலாஸ்டிக் இருநூற்றிருபது. கூரியர் எழுபது. மிச்சம் இருநூற்றுப் பத்து. சில்லறைச் செலவுக்குப் பத்தைத் தள்ளினாலும் ஒன்றுக்கு இருநூறு. நூறு ஆர்டருக்கு இருபதாயிரம்! கடையில் மாசம் பூராவும் முதுகு ஒடிந்தால் பன்னிரண்டாயிரம். இதற்கு மேல் என்ன யோசனை? முதலாளியம்மாவிடம் போய், "இந்தச் சனிக்கிழமையோட கணக்கை முடிச்சிடுங்க. இனிமே அடுத்தவங்க ஜிப்பை நான் தொடமாட்டேன்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். கேட்டு எல்லாரும் சிரித்தார்கள், முதலாளியம்மாவைத் தவிர.

இடித்தது ஒரே ஒரு இடத்தில். வியாபாரத்துக்கென்று தனியாக வங்கிக் கணக்கு வைத்திருந்தாள். மாச முடிவில் பார்த்தால் அதில் இருபதாயிரம் ஏறவில்லை. இருந்ததிலேயே ஆயிரத்து அறுநூறு போல இறங்கியிருந்தது. அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது? லிஃப்ட் மெக்கானிக்கான புருஷனிடம்.

"ஏங்க, எதுக்கு எடுத்தீங்க?"

"எதை?"

"பச்சைப் பிள்ளை மாதிரி முழிக்காதீங்க. இருபதாயிரம் வந்திருக்கணும். எங்க போச்சு?"

"நான் பெட்ரோல் போட்டதுகூட என் காசுலதான். சும்மா வாயைக் கிளறாத."

இரண்டு நாள் வீட்டில் முறைப்புதான். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார். அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

கடையின் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் பார்சல்காரர் நிற்கிறார். அவர் கையில் ஒன்பது பார்சல், எல்லாம் திரும்பி வந்தவை. கையெழுத்து வாங்கிக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அக்கா, புதுசா வேலைக்கு வந்த எங்க பையன் ஒருத்தன் உங்க வீட்டைப் பார்த்துட்டு, இந்தம்மா ஆன்லைன்ல நிறைய வாங்குவாங்க போலன்னு சொன்னான். எடுத்துட்டுப் போற அளவு கொண்டும் வர்றோம்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள், ஆனால் கால் மிதியில் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு பார்ப்பவள். அண்ணன் சொல்லித்தான் வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் ஜிப் அக்கா விரட்டவில்லை. கூரியர் ரசீது, பணம் வசூல் செய்யும் கம்பெனி அனுப்பிய பட்டியல், எல்லாவற்றையும் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள்.

"அண்ணி, ஒண்ணுக்கு எவ்வளவுன்னு மேலோட்டமா சொல்லாதீங்க. நூறையும் மொத்தமா எடுப்போம். நூறு ஆர்டர்ல எத்தனை பேண்ட் அவங்ககிட்ட தங்குச்சு?"

எண்ணினார்கள். இருபத்தைந்து பேர் ஒன்று வாங்கி, வைத்துக்கொண்டார்கள். எழுபத்தைந்து பேர் இரண்டு சைஸ் எடுத்தவர்கள். அதில் அறுபது பேர் ஒன்றைத் திருப்பினார்கள், பதினைந்து பேர் இரண்டையும் திருப்பினார்கள்.

"அப்ப தங்கினது எண்பத்தஞ்சு. விற்பனை நாற்பத்திரெண்டாயிரத்து ஐநூறு. அதுக்குத் துணிச் செலவு பதினெட்டாயிரத்து எழுநூறு. மிச்சம் இருபத்து மூவாயிரத்து எண்ணூறு."

"அதான் சொன்னேனே!" என்றாள் ஜிப் அக்கா.

"இருங்க. பெட்டி?"

பெட்டி அவள் ஆசை ஆசையாகத் தேடி வாங்கியது. கெட்டி அட்டை, உள்ளே வழவழக் காகிதம், நன்றி அட்டை, ஸ்டிக்கர். ஒன்று முப்பத்தெட்டு. நூறுக்கு மூவாயிரத்து எண்ணூறு. மிச்சம் இருபதாயிரம்.

"கூரியர் எழுபதுன்னீங்க. ரசீதுல நூத்துப்பத்து, நூத்துப்பத்துன்னு இருக்கே?"

"ரெண்டு பேண்ட் வெச்சா அரைக் கிலோவைத் தாண்டுது. அடுத்த எடைக்குப் போயிடுது." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. எழுபத்தைந்து பெட்டி நூற்றுப்பத்து, இருபத்தைந்து பெட்டி எழுபது. பத்தாயிரம் போனது. மிச்சம் பத்தாயிரம்.

"திரும்பி எடுத்துட்டு வர?"

"தொண்ணூறு." எழுபத்தைந்து தடவை. ஆறாயிரத்து எழுநூற்றைம்பது. மிச்சம் மூவாயிரத்து இருநூற்றைம்பது.

"கார்டு கட்டணம் நூத்துக்கு ரெண்டரை. அண்ணி, கம்பெனிக்காரன் இதை எவ்வளவுக்குப் பிடிச்சிருக்கான்னு பாருங்க. ரெண்டு பேண்டுக்கு ஆயிரம் கட்டுறாங்க, ஆயிரத்துக்கும் பிடிக்கிறான். நீங்க ஐநூறைத் திருப்பிக் குடுக்கறீங்க, அவன் பிடிச்சதைத் திருப்பித் தரலை."

"அடப்பாவி! வராத காசுக்கா நான் கமிஷன் கட்டினேன்?"

கட்டியிருந்தாள். இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. மிச்சம் ஆயிரத்து அறுபது. அதற்கும் வந்தது வினை. திரும்பி வந்த தொண்ணூறு பேண்டில் பன்னிரண்டு மறுபடி விற்க லாயக்கில்லை. உதட்டுச் சாயம், காப்பிக் கறை, ஒன்று தண்ணீரில் அலசியே வந்திருந்தது. துணிக்காசு மட்டும் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

நாத்தனார் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள். கழித்தல் ஆயிரத்து ஐநூற்றெண்பது. ஒரு ஆர்டருக்குப் பதினாறு நட்டம்.

"இதுல உங்க தையல் கூலி சேரலை."

"நான்தானே தைக்கிறேன், எனக்கு எதுக்குக் கூலி?" என்று சொல்லிவிட்டுத் தான் சொன்னதைத் தானே கேட்டாள். ஒரு மாசம் ராப்பகலாகத் தைத்து, ஒவ்வொரு பெட்டியோடும் பதினாறைக் கையில் திணித்து அனுப்பியிருக்கிறாள். ஆர்டர் ஏற ஏறச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்! வந்த ஆத்திரத்தில் நன்றி அட்டைக் கட்டை எடுத்துச் சுவரில் வீசினாள். "சனியன் பிடிச்ச பெட்டி, சனியன் பிடிச்ச யோசனை. எல்லாம் என் புத்தி!" அழுகை வந்தது, அதுவும் கோபத்தில்தான்.

கதவருகே புருஷன் நின்றிருந்தார். "நான் எடுக்கலைன்னு சொன்னேன்ல" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அன்றைக்கே இரண்டு சைஸ் திட்டத்தைத் தூக்கினாள். பெட்டிக்குப் பதில் ஆறு ரூபாய் பிளாஸ்டிக் உறை. அளவுப் பட்டியலைப் படத்தோடு போட்டு, திருப்பி அனுப்பினால் தொண்ணூறு வாங்குபவர் செலவு என்று எழுதினாள். திங்கட்கிழமை காலை மானத்தை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அவள் மெஷினில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஜிப்பைத் தொடமாட்டேன்னியே?" என்றாள் முதலாளியம்மா.

"சொன்னேன். இப்ப தொடறேன்."

"முழு வேலை இல்ல. அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன். வாரத்துல மூணு நாள்னா வா." சம்பளம் பாதி. ஜிப் அக்கா பதில் பேசாமல் தலையாட்டினாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து முதலாளியம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த மாதம் நூறு ஆர்டர் இருபத்துமூன்றாகச் சுருங்கியது. மூன்று திரும்பியது. தங்கிய ஒவ்வொன்றிலும் நூற்றுத்தொண்ணூறு நின்றது, திரும்பிய மூன்றின் செலவு போக மாசத்துக்கு மூவாயிரத்து ஐநூற்றுச் சொச்சம். நிஜக் காசுதான். ஆனால் கடைச் சம்பளத்தோடு சேர்த்தாலும் பழைய பன்னிரண்டாயிரத்தைத் தொடவில்லை. "பழைய மாதிரி போடலாமே, ஆர்டராவது வரும்" என்று புருஷன் ஒரு நாள் வாய்தவறிச் சொன்னார். அவள் பார்த்த பார்வையில் லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிப் போனார்.

அப்படி ஒரு கடை நாளில்தான் ஒரு பெண் பையை உதறி ஒரு பேண்டை மேஜைமேல் போட்டாள். பருத்தித் துணி, ஆழமான இரண்டு பாக்கெட். உறையைப் பிரித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அக்கா, இடுப்பு லூசா இருக்கு. பிடிச்சுக் குடுங்க, எவ்வளவு?"

"நாற்பது." அவளுக்குத் தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது. "ஆன்லைனா? திருப்பி அனுப்பலாமே?"

"திருப்ப தொண்ணூறு கேக்குறா அக்கா, பகல் கொள்ளைக்காரி! நாற்பதோட போகட்டும்னு இங்க வந்தேன்."

"என்ன சைஸ் எடுத்தே?"

"லார்ஜ்."

"உனக்கு மீடியம்தான். அளவுப் பட்டியல் படத்தோட போட்டிருப்பாங்களே?"

"அதையெல்லாம் யாருக்கா படிக்கிறாங்க?"

ஜிப் அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். எலாஸ்டிக்கைப் பிரித்து, இரண்டு அங்குலம் வெட்டி, திரும்பத் தைத்தாள். பத்து நிமிஷம் ஆகவில்லை. தைக்கும்போதே மனதில் ஓடியது: நாற்பதை நான் கட்டினாலும் நூற்றைம்பது நிற்கிறது. இது திரும்பியிருந்தால் கூரியர், உறை, கார்டு கட்டணம் என்று கையிலிருந்து எண்பத்தெட்டு போயிருக்கும்.

அந்தப் பெண் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு, பாக்கெட்டில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பர்ஸைத் திறந்தாள். ஜிப் அக்கா தன் கைப்பையிலிருந்து நாற்பதை எடுத்து முதலாளியம்மாவின் டப்பாவில் போட்டாள்.

"நீ குடுக்க வேண்டாம்மா. அது நான் தெச்சதுதான்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துபோனது. "ஐயோ, அக்கா... கொள்ளைக்காரின்னு தெரியாம சொல்லிட்டேன்."

"அது பரவாயில்லம்மா. கொள்ளையடிச்சிருந்தா கையில ஏதாவது மிச்சமாவது இருந்திருக்கும்" என்றாள் ஜிப் அக்கா. வரிசையில் அடுத்ததாக ஒரு ஆள் ஜிப் அறுந்த பேண்டோடு நின்றிருந்தார்.