ஒரு ரொட்டிக்கு ஒரு கை

கோழிக்கூட்டு வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, கை போனதைவிடக் கோப்பை போய்விடுமே என்றுதான் டிம்ப்னா ஹெஹிர் வருந்தினாள். கிளேர் மாவட்டத்தில் அவள் ஊர்க் கண்காட்சியில், ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடா போட்டுச் சுடும் சோடா ரொட்டிக்குத் தரும் வெள்ளிக் கோப்பை, கணவர் இருந்த காலத்திலிருந்தே அவள் அலமாரியை விட்டு இறங்கியதில்லை. இந்த ஆகஸ்டில் அது பிலோமினா டூஹியிடம் போய்விடும். பிலோமினா தராசையும் சமையல் புத்தகத்தையும் நம்புகிறவள். அதுதான் டிம்ப்னாவுக்குப் பொறுக்கவில்லை.

போட்டிக்கு வருகிறவர் தன் கையாலேயே சுட வேண்டும் என்பது விதி. லிமெரிக்கில் வேலை பார்க்கும் பேத்தி சோர்க்காவின் பெயரைக் கொடுத்துவிட்டு, இடது கையால் கோணல்மாணலாகச் செய்முறையை ஒரு அட்டையில் எழுதி அவளுக்குத் தபாலில் போட்டாள் கிழவி.

“முழு கோதுமை மாவு நாலு கை, வெள்ளை மாவு ரெண்டு கை. குவிச்சு அள்ளு, தட்டாதே. உப்பு மூணு விரலுக்குள்ள. சோடா உள்ளங்கைக் குழி நிரம்ப, மேடு கட்டாம. கட்டைவிரலால நசுக்கு, மணல் மாதிரி நெருடினா இன்னும் நசுக்கு. எல்லாத்தையும் கலந்து, நடுவுல குழி பண்ணி மோர் ஊத்து. விரலைப் பூனை நகம் மாதிரி விறைப்பா வெச்சு வட்டமாச் சுத்து. சேத்துல மாட்டின பூட்ஸை இழுக்குற சத்தம் வந்தா நிறுத்து. பிசையாதே. மேல சிலுவையா ஆழமாக் கீறு. அடுப்புல முதல்ல புளிச்ச மோர் வாசனை வரும், அப்புறம் நனைஞ்ச வைக்கோல், அப்புறம் வறுத்த கொட்டை. அந்த வாசம் மாடிப்படி ஏறினா வெளிய எடு. கவுத்து அடியில தட்டிப் பாரு. காலிப் பீப்பா மாதிரிக் கேக்கணும்.”

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், சுட்டுப் பார்த்த ரொட்டியோடு சோர்க்கா வந்து இறங்கினாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், ஊர்ப் பெண்கள் அணியின் கோல் காப்பாளர். ரொட்டியை வெட்டியதும் டிம்ப்னாவின் மூக்கு சுருங்கியது. உள்ளே மஞ்சள் பூத்திருந்தது. வாயில் வைத்தால் சோப்பு.

“துணி துவைச்ச தண்ணியிலயா மாவைக் கலந்தே?”

“உன் அட்டைல இருக்கிறபடிதான் பாட்டி பண்ணினேன். அட்டைதான் தப்பு.”

கிழவி ஒவ்வொன்றாக விசாரித்தாள். உப்பு சரி, மோர் சரி. மாவு என்றதும் பேத்தி கொஞ்சம் நெளிந்தாள். போன கிறிஸ்துமஸில் பாட்டி அள்ளிப் போட்ட ஆறு கை மாவையும் அவளுக்குத் தெரியாமல் தராசில் நிறுத்துக் குறித்து வைத்திருந்தாளாம். அந்த எடைக்குத்தான் மாவு போட்டாளாம்.

“அப்ப சோடா?”

“அதை எப்படி நிறுக்கிறது? என் உள்ளங்கைலதான் எடுத்தேன்.”

டிம்ப்னா பேத்தியின் கையை இழுத்துத் தன் இடது கையை அதன்மேல் வைத்தாள். சாஸர்மேல் வைத்த பிஸ்கட்டைப் போல இருந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

“ஒரு ரொட்டிக்கு ஒரு கைதான்டி. மாவு என் கை, சோடா உன் கைன்னா எப்படி விளங்கும்? ரெண்டும் ஒரே கையில இருந்து போனா, அது எந்தக் கையா இருந்தாலும் கணக்குத் தானா நிக்கும்.”

“இதை எழுதியிருக்கலாமில்ல?”

“இதெல்லாமா எழுதுவாங்க? ரொட்டியைத் தின்னுறதுக்கு வாயைத் திறன்னும் எழுதணுமா?”

கண்காட்சி அன்று காலை சோர்க்கா சமையலறையில் தனியாக நின்றாள். விதியை மதித்து டிம்ப்னா ஜன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். காதும் மூக்கும் மட்டும் உள்ளே இருந்தன. சேற்றுப் பூட்ஸ் சத்தம் கேட்டது, உடனே நின்றது. நல்லது. மோர் வாசனை போய், வைக்கோல் போய், கொட்டை வாசனையும் மாடிப்படி ஏறுகிற அளவுக்கு எழுந்தது. அடுப்புக் கதவு திறந்தது. தட்டும் ஓசை வந்தது.

தொப்.

டிம்ப்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரிய கை அள்ளிய மாவு, பெரிய ரொட்டி; மேல்தோடு வாசனையை அனுப்பிவிட்டது, நடு வயிறு இன்னும் ஈரம். வாய் திறந்தால் விதி போகும், மூடினால் கோப்பை போகும். கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுப்புக் கதவு மறுபடி திறந்து மூடிய சத்தம். அப்போதுதான் கிழவி மூச்சுவிட்டாள். அடுத்த முறை தட்டியபோது காலிப் பீப்பாய்தான் கேட்டது.

கண்காட்சிக் கூடாரத்தில் அந்த ரொட்டி தட்டை மீறி வழிந்து நின்றது. நடுவர் வெட்டினார், விரலால் அழுத்தினார், முகர்ந்தார், பிறகு ஒரு துண்டை யாருக்கும் தெரியாமல் இரண்டாம் முறை தின்றார். கோப்பை சோர்க்காவின் பெயருக்குப் போனாலும், டிம்ப்னாவின் அலமாரிக்கே திரும்பவிருந்தது.

கூடார வாசலில் பிலோமினா வழிமறித்து, ஒளிவுமறைவு இல்லாவிட்டால் செய்முறையை ஒரு முறை காட்டச் சொன்னாள். டிம்ப்னா அட்டையைக் காட்டியதோடு நிற்கவில்லை. ஒரு எழுத்து விடாமல் பேத்தியைப் பிரதி எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

காரில் ஏறியதும் சோர்க்கா கேட்டாள்: “ஏன் பாட்டி கொடுத்தே?”

“அட்டைல இருக்கிறதெல்லாம் கொடுத்தாச்சு,” என்றாள் டிம்ப்னா, கோப்பையை மாவுக்கட்டுப் போட்ட கையோடு சேர்த்து அணைத்தபடி. “அவகிட்டதான் தராசு இருக்கே.”