ஞாயிற்றுக்கிழமையைக் காணோம்

கெடா மாநிலத்தில், கூலிம் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் நான் உற்பத்திக் கணக்கர். ஐ.சி. என்ற அடையாள அட்டையில் என் பெயர் அழகேசன். கம்பெனியில் கூப்பிடுவது ‘சோரி அண்ணே’. வாயைத் திறந்தால் முதலில் மன்னிப்புக் கேட்கும் சோரிதான் வரும், விஷயம் பின்னால் வரும், சில நேரம் வராமலே போகும்.

பாடாங் மேஹா தோட்டத்தில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் பெட்டி ஒட்டும் வேலைக்கு வந்தேன். அப்புறம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தேன். அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. என் மனைவி ஷாமளாவுக்கு அந்தப் பெருமை கிடையாது. கடையில் மீ கோரெங் கேட்டு, குவேதியாவ் வந்து, அதையும் சாப்பிட்டு, நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு வந்த ஆளோடு அவள் இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத வாய் என்பாள். ஷாமளாவும் எங்கள் கம்பெனிதான். ரெண்டாவது லைனுக்கு லீடர்.

எங்களிடம் மூன்று பேக்கிங் லைன்கள். அதில் குறைவாகப் பெட்டி கட்டும் ஒன்றை பண்டார் பாருவில் இருக்கும் எங்கள் இன்னொரு ஆலைக்கு மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு சில மாதமாகவே ஓடிக்கொண்டிருந்தது. லைன் போனால் ஆட்களும் போக வேண்டும். ரெண்டாவது லைனில் பாதிப் பேர் பாடாங் மேஹாவிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள். பண்டார் பாருவுக்கு அந்தப் பஸ் போகாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்கள், போவதா வேலையை விடுவதா என்று இப்போதே வீட்டில் சண்டை. இதை முடிவு செய்ய ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஷா ஆலாம் தலைமை ஆபீசோடு மீட்டிங் வைத்தார்கள்.

அன்று காலை எங்கள் வாட்சாப் குழுவில் ரூபினி ஒரு டேஷ்போர்டு ஸ்க்ரீன்ஷாட் போட்டாள். ரூபினி எங்கள் டீமுக்கு ஷா ஆலாமிலிருந்து வந்து ஒரு மாதம் ஆன பெண். பட்டதாரி, சுறுசுறுப்பு, எனக்கு வாயில் வராத ‘நோ’ அவளுக்குச் சர்வசாதாரணம். இந்த வாரம் இதுவரை கட்டிய பெட்டிகள்: முதல் லைன் 5,990. ரெண்டாவது லைன் 4,080. மூன்றாவது லைன் 5,930. ரெண்டாவது மட்டும் சிவப்பு நிறத்தில். கீழே அவள் மலாயில், ரெண்டாவது லைன் ரொம்ப இறங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாள். மேனேஜர் என்சிக் ஃபவுசி உடனே கட்டை விரலைக் காட்டி, இதையே மீட்டிங்கில் காட்டுகிறேன் என்று பதில் போட்டார்.

நான் படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். தினமும் மாலை ஒவ்வொரு லைனின் பெட்டிக் கணக்கையும் சிஸ்டத்தில் ஏற்றுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது லைனுக்கு 2,030 என்று ஏற்றிய என் விரல்களுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் காணோம்.

விஷயம் இதுதான். கெடாவில் வெள்ளி, சனி லீவு. எங்கள் கம்பெனியும் அப்படித்தான். எங்களுக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை பிறக்கும். டேஷ்போர்டைச் செய்தவர்கள் ஷா ஆலாமில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாரம் திங்கட்கிழமை பிறக்கும். ‘இந்த வாரம்’ என்ற பட்டனை அமுக்கினால் அது திங்களிலிருந்து கூட்டும், ஞாயிற்றுக்கிழமையைப் போன வாரத்தோடு சேர்த்துவிடும். தேதியை நாமே போட்டால்தான் சரியாக வரும். மூன்று லைனும் ஞாயிற்றுக்கிழமை ஓடினால் மூன்றுக்கும் சமமாகக் குறையும், யாருக்கும் வலிக்காது. இந்த வாரம் அப்படியில்லை. முதல் லைனுக்கும் மூன்றாவதுக்கும் ஞாயிற்றுக்கிழமை மெஷின் சர்வீஸ், அன்று அவை ஓடவே இல்லை. ரெண்டாவதுக்குத் திங்கட்கிழமை சர்வீஸ். ஆக புதன் வரை மூன்று லைனும் ஓடியது மும்மூன்று நாள். ரெண்டாவதுக்கு மட்டும் இரண்டு நாள்தான் கணக்கில் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தால் 6,110. மூன்றிலும் அதுதான் முதலிடம்.

வாயுள்ள பிள்ளையாக இருந்தால் இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. குழுவில் போட்டால் எல்லார் முன்னாலும் ரூபினிக்கு அவமானம். தனியாக அனுப்பினாலும், பெண்டாட்டி லைனுக்காகப் பேசுகிறான் என்று நினைத்துவிட்டால்? எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் தனியாக அவளுக்குப் போன செய்தி இது:

“குட் மார்னிங் ரூபினி. சாப்பிட்டீங்களா? சோரி டிஸ்டர்ப் பண்றதுக்கு. காலையில போட்ட டேஷ்போர்டு பார்த்தேன், கலர் எல்லாம் ரொம்ப அழகா இருக்கு, இதுக்கு முன்னாடி யாரும் இவ்ளோ நீட்டா செஞ்சதில்ல. நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம், சோரி, டைம் கெடச்சா வாரத்தோட ஆரம்பத்தையும் ஒரு பார்வை பார்த்தா இன்னும் சிறப்பா இருக்கும்னு தோணுது. ஒண்ணும் அவசரம் இல்ல. ரொம்ப நன்றி.”

பின்னால் கும்பிடு போடும் கைகள் மூன்று. அனுப்பிவிட்டு, பெரிய மலையைப் புரட்டிவிட்ட மாதிரி பெருமூச்சு விட்டேன். உடனே பதில் வந்தது. ஒரு இருதயம், “தேங்க்யூ அண்ணே”, ஒரு சிரிப்பு. குழுவில் 4,080 அப்படியே சிவப்பாக இருந்தது. சரி, திருத்திக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவசரம் இல்லை என்று எழுதியவனே நான்தான், அவசரப்படுத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மதியம் கண்டினில் ஷாமளா எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கும் ஸ்க்ரீன்ஷாட் வந்து சேர்ந்திருந்தது. லைனில் ரெண்டு பேர் அழுகிறார்கள் என்றாள். நான் வீரனைப் போல, பிழையை எழுதி அனுப்பிவிட்டேன் என்றேன். போனை வாங்கிப் படித்தாள். முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

“இதுல பிழைன்னு எங்க எழுதியிருக்கீங்க?”

வாரத்தோட ஆரம்பம் என்று இருக்கிறதே என்று காட்டினேன்.

“எனக்கு விஷயம் தெரியும், எனக்கே புரியல லா. அந்தப் புள்ளைக்கு எப்படிப் புரியும்? கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருக்கீங்க.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பழக்கப்பட்ட மாதிரி சோரி சொல்லியிருப்பேன். சோற்றைத் தொடாமல், “காளியம்மா பஸ்லதான் வருது, அதுக்கு மோட்டார் சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது,” என்று மட்டும் சொன்னாள். காளியம்மா அவள் லைனில் டேப் ஒட்டுகிறவள். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவள். எனக்கு உண்மையாகவே வெட்கமாகிவிட்டது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. என் மரியாதைக்காக நாற்பது பேரைப் பண்டார் பாருவுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே, ரசம் ஆறிக்கொண்டிருக்க, மறுபடி எழுதினேன். சோரி என்று விரல் தானாக அடித்தது. ஷாமளா எட்டி அதை அழித்தாள்.

“ரூபினி, காலை ஸ்க்ரீன்ஷாட்ல ரெண்டாவது லைன் 4,080 தப்பு. சரியான கணக்கு 6,110. டேஷ்போர்டு திங்கள்ல இருந்து கூட்டுது, நமக்கு வாரம் ஞாயித்துக்கிழமை தொடங்குது. அன்னிக்கி 2,030 விட்டுப்போச்சு. மத்த ரெண்டு லைனும் அன்னிக்கி சர்வீஸ், அதனால அதுங்க கணக்கு மாறாது. தேதியை ஞாயிறுல இருந்து போட்டா நீங்களே பார்க்கலாம். ரெண்டு மணிக்கு முன்னாடி குழுவுல மாத்திப் போட முடியுமா? என் வீட்டுக்காரம்மா அந்த லைன்லதான் இருக்காங்க, அதனால நீங்களே ஒரு தடவை சரிபார்த்துடுங்க. நன்றி.”

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. இருதயமும் இல்லை. கோபித்துக்கொண்டாள், இனிமேல் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று பயந்தேன். சோரி என்று இன்னொன்று அனுப்பலாமா என்று கேட்டேன். ஷாமளா என் போனைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் அதிர்ந்தது. குழுவில் ரூபினியின் புது ஸ்க்ரீன்ஷாட். தேதி ஞாயிறிலிருந்து. ரெண்டாவது லைன் 6,110, பச்சை. காலையில் நான் போட்ட கணக்கில் ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போனது, தவறு என்னுடையது, பழையதை யாரும் பயன்படுத்த வேண்டாம், காட்டிக்கொடுத்த அழகேசன் அண்ணனுக்கு நன்றி என்று மலாயில் நாலே வரி. அவ்வளவு சுருக்கமாக மன்னிப்புக் கேட்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் அரை வாழ்க்கையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மீட்டிங் முடிந்து என்சிக் ஃபவுசி வந்தார். மூன்று லைனும் இவ்வளவு நெருக்கமாக ஓடும்போது எதை எடுப்பது என்று ஷா ஆலாமில் கேட்டார்களாம். இப்போதைக்கு ஒன்றையும் மாற்றவில்லை என்றார். ரெண்டாவது லைன் பக்கமிருந்து கைதட்டும் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் ரூபினி என் மேசைக்கு வந்தாள். கையில் போன். எழுந்து நின்றேன். சோரி நாக்கு நுனியில் இருந்தது.

“அண்ணே, காலையில அனுப்புனீங்களே, அதுலயும் இதைத்தான் சொல்ல வந்தீங்களா?”

ஆமாம் என்றேன்.

அவள் போனில் மேலே தள்ளினாள். போன வாரமும், அதற்கு முந்தின வாரமும் நான் அனுப்பியவை. அழகான கலர், நீட்டான வேலை, வாரத்தோட ஆரம்பம், கும்பிடு. அப்போதே சொல்ல முயன்றவைதான் எல்லாம்.

“அப்ப இதுங்களும் பிழை சொன்னதா?”

தலையாட்டினேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

“இங்க எனக்கு யாரையும் தெரியாது. ஒருத்தர் மட்டும் வாரா வாரம் என் வேலையப் பாராட்டுறாருன்னு அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன் அண்ணே.”

யார் மனமும் நோகக் கூடாது என்று பூசி மெழுகி எழுதினேன். அதை நம்பி ஒரு பிள்ளை ஒரு மாதமாகத் தெரியாத ஊரில் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். நான் நேராகச் சொல்லியிருந்தால் முதல் வாரமே பட்டனை விட்டுத் தேதியைப் போட்டிருப்பாள், இன்று யாரும் அழுதிருக்க மாட்டார்கள், அவளும் என் முன்னால் இப்படி நின்றிருக்க மாட்டாள்.

இங்கேயும் சோரி சொல்வது எளிது. சொல்லவில்லை.

“கணக்கு மூணு வாரமும் தப்பு மா,” என்றேன். “கலர் மட்டும் நெசமாவே நல்லா இருந்துச்சு. இன்னிக்கி குழுவுல எழுதுனீங்களே, அது அதைவிட நல்லா இருந்துச்சு. அதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க.”

இதுக்குள்ள ஏதாவது பிழை ஒளிஞ்சிருக்கா அண்ணே என்று கேட்டாள். இல்லை என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, போன ரெண்டு வாரக் கணக்கையும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திறந்தாள்.