ஒரே ஊசியில் இரண்டு சாக்ஸ்

சேக்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கும் பட்டாபிராமில் இருக்கும் எனக்கும் சின்ன வயசிலிருந்தே எதிலும் ஒத்துப்போனதில்லை. தம்பி விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி பைத்தியம். அவன் வேலை கிடைத்துக் கனடா போய், முதல் குளிர்காலத்தில் ஒருநாள் வீடியோ காலில், "கால் வெறச்சுப்போவுதுக்கா" என்று சொல்லிவிட்டான். அந்த ஊர்க் கடைகளில் சாக்ஸ் மலை மலையாகக் குவிந்திருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? பள்ளிக்கூடத்தில் தையல் மிஸ் எங்களைத் திட்டித் திட்டிப் பின்னக் கற்றுக்கொடுத்தது வீணாகக் கூடாதே.

ஆளுக்கு ஒன்று பின்னுவது என்று முடிவு. அக்கா இடது, நான் வலது. முடிந்ததும் அக்கா வீட்டில் கூடி, மாமாவைப் பிடித்து உட்காரவைத்து மாட்டிப் பார்த்தோம். என் சாக்ஸ் அவர் குதிகாலைத் தாண்டவே இல்லை. அக்காவுடையது மாட்டின வேகத்தில் கணுக்காலில் சரிந்து விழுந்தது.

"ஒண்ணு கொழந்தைக்கு, ஒண்ணு யானைக்கா?" என்றார் மாமா. நல்ல மனுஷன். அக்கா இரண்டையும் அவர் காலிலிருந்து வெடுக்கென்று உருவினாள்.

நான் நூலை இழுத்து இறுக்கிப் பின்னுவேன். அக்கா தொளதொளவென்று விடுவாள். இதற்கு யூடியூபில் ஒரு வழி கண்டுபிடித்தது நான்தான். சர்க்குலர் ஊசி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் குட்டையாக ஊசி, நடுவில் வளையக்கூடிய நீளமான வயர். அதில் இரண்டு சாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலுண்டை வைத்து, ஒரே நேரத்தில் பின்னலாம். முதல் சாக்ஸின் முன்பாதியை அதன் நூலால் பின்னி, அந்த நூலை விட்டுவிட்டு, இரண்டாவது நூலை எடுத்து இரண்டாவது சாக்ஸின் முன்பாதி. பிறகு மொத்தத்தையும் திருப்பி, பின்பக்கம்: இப்போது இரண்டாவது முதலில், முதலாவது அப்புறம். மறுபடி திருப்பினால் ஒரு சுற்று முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. யார் பின்னினாலும் ஒரே உயரத்தில் இரண்டு சாக்ஸும் ஒரே கையால் வளரும். நான் இறுக்கினால் இரண்டும் இறுகும், அக்கா விட்டால் இரண்டும் தளரும். ஜோடி ஜோடியாகவே இருக்கும். ஆகவே வார நாட்களில் நான், சனி ஞாயிறு அவள் என்று பங்கு போட்டுக்கொண்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து ரயிலில் வரும்போது ஆவடியில் இறங்கி அவளிடம் பையைக் கொடுப்பேன். ஞாயிறு சாயங்காலம் மாமா கொண்டுவந்து தருவார்.

லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் உட்கார்ந்து பின்னினேன். எதிரே பூ கட்டிக்கொண்டு வரும் அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "இன்னாம்மா அது, மீன் வலையா?"

"சாக்ஸும்மா."

"இந்த வெயில்லயா?" அவள் பூவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பெட்டி முழுக்கச் சிரித்தது.

சிரிப்பு பரவாயில்லை. சிக்குத்தான் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு நூலும் ஜடை போட்டதுபோல முறுக்கிக்கொள்ளும். வியாழக்கிழமை ஒரு விரல் நீளம் நூல்கூட இழுக்க வராது. இரண்டும் ஒரே நீல நிறம் வேறு. ஒருமுறை சிக்கில் எது எது என்று தெரியாமல் தப்பான நூலை எடுத்துப் பின்ன, சாக்ஸ் இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைப்பிள்ளை மாதிரி சேர்ந்துகொண்டன. அத்தனையும் பிரித்தேன். என் வாயில் வந்ததைக் கேட்டுப் பூக்கார அம்மாவே முகம் சுளித்தாள்.

ஆனால் அக்காவிடமிருந்து பை திரும்பி வரும்போது நூல் இரண்டும் ஒழுங்காகத் தனித்தனியாக இருக்கும்.

"எப்படிக்கா பிரிச்ச?"

"நான் எங்க பிரிச்சேன்? பின்னப் பின்ன அதுவே பிரிஞ்சுது. ஜெபம் பண்ணிட்டுப் பின்னுவேன். நீ என்னா பண்ற? ரயில்ல ஊர் வம்பு பேசினே பின்ற."

ஒவ்வொரு வாரமும் இதே. ஆண்டவர் என் நூலைச் சிக்காக்கி அவள் நூலைப் பிரித்து வைப்பதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு வந்த கோபத்தில் சர்ச்சுக்கே போகக்கூடாது என்று நினைத்தேன்.

பின்னல் கணுக்காலைத் தாண்டிப் பாதத்துக்கு இறங்கியிருந்த ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை, ஊசியைத் தொடவும் இல்லை. அவள் தந்த பையை அப்படியே, சிக்கில்லாமல், வெள்ளிக்கிழமை மாமா வந்து வாங்கிப் போனார்.

ஞாயிறு மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு அக்காவே வந்தாள். சர்ச் புடவைகூட மாற்றவில்லை.

"என்னாடி பண்ணி வெச்ச இதுல?"

நடந்தது இதுதான். ஆராதனையில் பாஸ்டர் ஜெபம் எப்போதுமே நீளம் என்பதால், கடைசி வரிசைப் பாயில் உட்கார்ந்து முந்தானைக்குள் வைத்துப் பின்னியிருக்கிறாள். நூல் இறுகி வரவில்லை. பலமாக இழுத்திருக்கிறாள். ஒரு உண்டை பையிலிருந்து எகிறி, கண்மூடிக் கிடந்த சபை நடுவே உருண்டு, நேராகப் பாஸ்டர் காலடிக்குப் போய் நின்றிருக்கிறது. அவர் ஜெப உக்கிரத்தில் ஒரு அடி முன்னே வைத்து, நூலில் கால் மாட்டி, "கர்த்தாவே!" என்று ஒரு சத்தம் போட்டாராம். சபை அதைப் பரிசுத்த ஆவியின் அசைவு என்று எண்ணி, இன்னும் பலமாக "அல்லேலூயா!" என்றதாம்.

காய்ச்சலையும் மறந்து சிரித்தேன். அவள் பையை என் மடியில் எறிந்தாள். உள்ளே வழக்கமான என் வியாழக்கிழமைச் சிக்கு; ஒரே வித்தியாசம், இந்த வாரம் அதை நான் தொடவே இல்லை.

"இரு, பின்னிக் காட்டு" என்றேன்.

முனகிக்கொண்டே முன்பாதி இரண்டையும் பின்னினாள். திருப்பினாள், இடப்பக்கமாக. பின்பாதி. மறுபடி திருப்பினாள், மறுபடியும் இடப்பக்கமாக.

"குடு இங்க." நான் ஒரு சுற்றுப் பின்னினேன். என் கை இரண்டு தடவையும் தன்னாலே வலப்பக்கம் போயிற்று. நூல்களில் ஒரு முறுக்கு குறைந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்போ இத்தினி நாளா..." என்றாள்.

"இத்தினி நாளா நான் முறுக்கினேன், நீ எதிர்ப்பக்கமா சுத்தி அவுத்த. இந்த வாரம் அவுக்க ஒண்ணுமில்ல, அதான் நீ முறுக்கிட்ட. ஆண்டவர் சும்மாதான் இருந்தாரு."

"வாய மூடு."

அதன்பின் ஒரு தடவை வலப்பக்கம் திருப்பினால் அடுத்த தடவை இடப்பக்கம் என்று வைத்துக்கொண்டோம், கதவைத் திறந்து மூடுகிற மாதிரி. திருப்புவதற்கு முன் ஒரு உண்டை இந்தப் பக்கம், ஒரு உண்டை அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு சிக்கு விழவில்லை. அக்கா ஜெபத்தையும் விடவில்லை. ஆனால் ஆராதனை நேரத்தில் பை மட்டும் வீட்டில்தான் இருந்தது.

விரல் பக்கம் குறுக்கி இரண்டையும் ஒரே நாளில் மூடினோம். என் இறுக்கமும் அவள் தளர்வுமாக, வாரத்துக்கு இரண்டு வளையம், இரண்டு காலிலும் அதே அதே இடத்தில். மாமா மாட்டிப் பார்த்தார். கழற்ற மனமில்லாமல் வெறுந்தரையில் கொஞ்ச நேரம் நடந்தார்.

தெரிந்தவர் ஒருவர் கனடா போகும்போது கொடுத்தனுப்பினோம். தம்பி காலைக் கேமராவுக்கு நேரே நீட்டிக் காட்டினான். கதகதப்பாக இருக்கிறதாம், ஆனால் தடிமனாம். "ஷூவுக்குள்ள கால் போகலக்கா."

"அதுக்கு சாக்ஸ் என்னாடா பண்ணும்?" என்றாள் அக்கா. "பெரிய ஷூவா வாங்கு."

வாங்கினான்.